பாகோ தாண்டியாச்சு

மாலை 6 மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பேசி அடித்தது. பகாவ் பக்கம் ஆயர் ஹீத்தாம் தோட்டத்தில் அன்றைக்குப் பொங்கல் விழா. வாழைமரம் கட்டியாகிவிட்டது, கோலப்போட்டி முடிந்துவிட்டது, இரவு 8 மணிக்குச் சிறப்புரை. பேச்சாளர் கோலாலம்பூரிலிருந்து தாமே காரோட்டி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பாகோ தாண்டியாச்சு. இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார், உற்சாகமாக.

மலேசியச் சாலை தெரிந்தவருக்கு இந்த ஒரு வரி போதும், வயிறு கலங்க. பாகோ ஜொகூரில் இருக்கிறது. பகாவுக்கு வருகிறவர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பானிலோ செனவாங்கிலோ இறங்கி, புக்கிட் புத்துஸ் மலையைக் கடந்து, கோலப்பிலா வழியாக வரவேண்டும். இவரோ இறங்க வேண்டிய இடத்தை எப்போதோ விட்டுவிட்டு நேராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார். ஜொகூரிலும் ஓர் ஆயர் ஹீத்தாம் இருக்கிறது. அது நெடுஞ்சாலைப் பலகையிலேயே பெயர் எழுதியிருக்கும் பெரிய ஊர். வழிகாட்டிச் செயலியில் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான்.

நான் அவருக்கு அனுப்பியிருந்த செய்தியைத் திறந்து பார்த்தேன். "ஆயர் ஹீத்தாம் தோட்டம், இரவு 8 மணி, அரை மணி நேரம் பேசலாம், நன்றி." பகாவ் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. நெகிரி செம்பிலான் என்றும் இல்லை. தோட்ட ஆப்பீஸில் கிராணியாக இருந்தவன் நான். ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு, மழை அளவு என்று ஒவ்வொன்றையும் கட்டம் போட்டு எழுதிப் பழகிய கை, விருந்தாளிக்கு வழி எழுதும்போது சோம்பிவிட்டது.

அவர் எப்போது வந்து சேர்ந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த இரவுக்குப் பிறகு, பேச்சாளரை "உறுதிப்படுத்துவது" என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன். வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டதை நாம் உறுதி என்று நினைத்துக்கொள்கிறோம். அது சம்மதம் மட்டும்தான். எந்த இடத்தில் வந்து நிற்பது, எத்தனை மணிக்கு மைக்கைச் சோதிப்பது, எதற்குப் பின் எதற்கு முன் மேடையேறுவது, உண்மையில் எத்தனை நிமிடம் பேசுவது ஆகிய நான்கும் எழுத்தில் போய், அவரும் சரி என்று எழுதினால்தான் உறுதி.

நான்கில் தோட்டத்தில் அதிகம் சறுக்குவது முதலாவதுதான். தோட்டம் ஊர் மாதிரி திறந்து கிடக்காது, அது தனியார் நிலம். என் அப்பா காலத்தில் தொழிற்சங்கக்காரர்கள் லயத்துக்குள் நுழைந்து பேச முடியாது, துரை அனுமதி வேண்டும். இதே மாநிலத்தில் சங்க வேலையைத் தொடங்கி, 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரான பி.பி. நாராயணன் காலத்துக் கதைகளை அப்பா சொல்வார். கூட்டம் தோட்ட எல்லைக்கு வெளியே, ரோட்டோரத்தில் நடக்குமாம். இன்றைக்குத் துரையின் கோபம் இல்லை, ஆனால் கேட்டுக் கம்பி இருக்கிறது. செம்பனைக் குலைத் திருட்டுக்குப் பயந்து பல தோட்டங்களில் நுழைவாயிலில் கம்பியும் ஜாகாவும் வைத்திருக்கிறார்கள். கார் எண் பட்டியலில் இல்லையென்றால் ஜாகா கம்பியைத் தூக்கமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் வேலை அது. பட்டு வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகப் பேச்சாளர் காருக்குள் உட்கார்ந்திருக்க, ஜாகா மலாய்மொழியில் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்த காட்சியை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பேச்சாளரிடம் கார் எண்ணை வாங்கி, ஒருநாள் முன்பே ஆப்பீஸில் கொடுத்துவிடுவேன். காரை மாற்றினால் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். மகன் காரில் வருகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பெயர்க் குழப்பம். லாபு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று தேடிப் பாருங்கள். முதல் பிரிவுப் பள்ளி ஒன்று, நான்காம் பிரிவுப் பள்ளி ஒன்று என இரண்டு வரும். தோட்டத்துக்காரனுக்குப் "பிரிவு" என்பது உயிர்நாடி. வெளியூர்க்காரருக்கு அது கவனிக்கத் தேவையில்லாத வால். அதனால் மாநிலம், பக்கத்து ஊர், தோட்டம், பிரிவு என்ற நான்கையும் ஒரே வரியில் எழுதுகிறேன்.

வரைபடப் புள்ளி அனுப்பினால் போதாதா என்று என் மகள் கேட்டாள். அனுப்பிப் பார்த்திருக்கிறேன். புள்ளி கோயில் மேல் சரியாகத்தான் விழும். செயலி காட்டும் வழிதான் வம்பு. நிரைகளுக்கு நடுவே குலை ஏற்றும் லோரி போகிற காட்டு ரோட்டையும் அது ரோடு என்றே எடுத்துக்கொள்கிறது. மழை பெய்த அந்திப்பொழுதில் தாழ்வான கார் அதில் இறங்கினால், இழுக்க டிராக்டர்தான் வரவேண்டும். உள்ளே போகப் போகக் கைப்பேசிக் கோடும் ஒவ்வொன்றாகக் குறையும். எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். நான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லக்கூட வழியிருக்காது.

ஆகவே வருகையிடம் என்று நான் சொல்வது கோயிலும் அல்ல, மண்டபமும் அல்ல. தோட்டத்துக்கு வெளியே, பெரிய ரோட்டில், விளக்கு எரிகிற, கழிப்பறை உள்ள ஓர் இடம். பெரும்பாலும் பெட்ரோல் ஸ்டேஷன். அங்கே நம் பிள்ளை ஒருவன் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பான். அவன் பெயர், எண், வண்டியின் நிறம் எல்லாம் பேச்சாளருக்கு முன்பே தெரியும். வழிகாட்டியை நம்பி வரவேண்டியது அதுவரைதான், அதற்குப் பிறகு பையனின் பின்விளக்கைப் பார்த்து வந்தால் போதும். ஒன்று மட்டும் நான் பட்டுக் கற்றது. அந்தப் பையனுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது. ஐஸ் வாங்க ஆள் இல்லை என்று அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேச்சாளரை நாற்பது நிமிடம் ரோட்டோரம் காயவைத்த செயற்குழு ஒன்றில் நானும் இருந்தேன்.

மேடை நேரத்துக்கு வருகிறேன். இதை ஒரு விழாவை வைத்துச் சொன்னால்தான் புரியும். லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா, சனிக்கிழமை இரவு. தோட்டத்தில் இப்போது நம் குடும்பங்கள் கொஞ்சம்தான். காட்டு வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கையில் இருக்கிறது. ஆனால் திருவிழா என்றால் சிரம்பான், செனவாங், நீலாய் என்று போய்விட்டவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடுவார்கள். செயற்குழு தயாரித்த தாளில் இப்படி இருந்தது: 6.30க்குப் பூசை, 7.30க்குத் தேவாரம், 7.45க்கு வரவேற்புரை, 8.00க்குச் சிறப்புரை அரை மணி நேரம், 8.30க்கு ஒய்.பி. உரை, 9.00க்கு அன்னதானம். பார்க்க அழகான தாள்.

அந்தத் தாளில் இல்லாதவை இரண்டு. ஒன்று பாங்கு. தோட்டத்து சூராவில் மஃரிப் பாங்கு 7 மணியை ஒட்டி ஒலிக்கும், இஷா 8 மணிக்கு மேல். ஆண்டு முழுக்க ஒரே நேரமல்ல, அரை மணிநேரம் முன்பின்னாக நகரும். பாங்கு ஒலிக்கும்போது நாங்கள் மைக்கை நிறுத்திவிடுவோம். யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல, அடுத்தடுத்து வாழ்கிறவர்களின் பழக்கம். மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும். ஆனால் அந்த நிமிடங்கள் பேச்சின் நடுவில் வந்து விழுந்தால், பேசுகிறவர் கட்டிக்கொண்டுவந்த கதை உடைந்துவிடும். கூட்டமும் தேநீர்ப் பக்கம் எழுந்துபோய்விடும். அன்றைய இஷா எத்தனை மணிக்கு என்று ஜாக்கிமின் இ-சோலாட்டில் பார்த்தேன். 8.28. சிறப்புரை 8.00க்குத் தொடங்கினால் சரியாக முடிவுக்கு வருகிற இடத்தில் வெட்டும்.

இன்னொன்று ஒய்.பி. உண்மையில் வந்து இறங்கும் நேரம். அவர் 8.30க்கு வருகிறார் என்றால், 8.00க்கும் 9.15க்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் வருகிறார் என்று பொருள். ஒரே இரவில் அவருக்கு மூன்று திருவிழா இருக்கும், பாவம். அவர் கார் வாசலில் நின்றதும் உறுமி மேளம் முழங்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், மாலை வரும். மேடையில் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டியதுதான். எத்தனையோ நல்ல பேச்சுகள் அப்படிப் பாதியில் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எங்கள் கோயில் பூசாரி சொன்ன வழி இன்றுவரை பலிக்கிறது. "கிராணி, ஒய்.பி. வந்தா நேரா மேடைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. எங்கிட்ட கொண்டாங்க. அர்ச்சனை பண்ணி, பரிவட்டம் கட்டி, மெதுவா விடறேன்." பத்துப் பதினைந்து நிமிடம் கையில் கிடைத்துவிடும். சந்நிதிக்கு வராமல் மேடைக்குப் போக எந்த ஒய்.பி.யும் விரும்பமாட்டார். இதை அவருடைய உதவியாளரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். வந்து நின்ற பிறகு சொன்னால், காக்க வைக்கிறோம் என்று ஆகிவிடும்.

அதனால் தாளை மாற்றினோம். தேவாரத்தை 7.40க்கும், வரவேற்புரையை 7.50க்கும் வைத்தோம். வரவேற்புரை ஐந்தே நிமிடம். தலைவர் முகம் சுண்டிவிட்டது, என்ன செய்வது. 7.55க்குச் சிறப்புரை தொடங்கி 8.20க்கு முடியும். இஷாவுக்கு முன் எட்டு நிமிடம் இடைவெளி. பொன்னாடை, படம் எடுப்பது எல்லாம் அந்த இடைவெளியில். பேச்சாளருக்கு எழுதும்போது மணியை மட்டும் எழுதவில்லை. "தலைவர் வரவேற்புரை முடிந்ததும் நீங்கள். உங்களுக்குப் பின் பாங்கு, அதன் பின் ஒய்.பி. 7.50க்கு முன் கூப்பிடமாட்டோம். 8.00க்குள் மேடையேற்ற முடியாவிட்டால் பாங்கு முடிந்த பிறகுதான் ஏற்றுவோம், இடையில் வெட்டமாட்டோம்" என்று எழுதினேன். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரிந்த பேச்சாளர், கொஞ்சம் தள்ளிப்போனாலும் பதறமாட்டார். வெறும் மணியை மட்டும் தெரிந்தவர் 8.01க்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கால அளவைப் பற்றி ஒரு மனக்குறை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. "அரை மணி நேரம்" என்று நாம் சொல்கிறோம். அறிவிப்பாளர் அவருடைய பட்டங்களைப் படிக்க நான்கு நிமிடம் எடுப்பார். மாலைக்கும் பொன்னாடைக்கும் மூன்று. பிறகு பேச்சாளர், மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஆலயத் திருப்பணிக் குழுவினரே என்று ஒவ்வொருவராக விளித்து முடிக்க இன்னும் மூன்று. மீதி இருபது. அவர் முப்பதுக்குத் தயாரித்து வந்தவர். இருபதாவது நிமிடத்தில் நாம் துண்டுச் சீட்டு அனுப்புவோம், அவர் நம்மை முறைப்பார். யார் மேல் தப்பு?

இப்போது "பேச்சு மட்டும் 25 நிமிடம், அறிமுகமும் பொன்னாடையும் இதில் சேராது" என்று எழுதுகிறேன். அறிமுகத்தை நானே ஆறு வரியில் எழுதி, அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுவேன். விளித்தலை அறிவிப்பாளர் ஒருமுறை எல்லோருக்குமாகச் செய்துவிடுவார், நீங்கள் ஒரே வரியில் வணக்கம் சொன்னால் போதும் என்று தயங்காமல் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலோர் நிம்மதியாகச் சரி என்பார்கள், அவர்களுக்கும் பெயர் மறந்துவிடும் பயம் இருக்கிறது. இன்னொரு கேள்வியும் கேட்பேன். "எங்களால் தாமதம் ஆகிவிட்டால் 12 நிமிடத்தில் எதைச் சொல்வீர்கள்?" முதலில் இது மரியாதைக் குறைவாகப் படும் என்று தயங்கினேன். ஒரு மூத்த தமிழாசிரியர்தான், "நல்ல கேள்வி கேட்டீங்க, இதை யாருமே கேக்கறதில்ல" என்றார். ஐந்து நிமிடம் இருக்கும்போது எப்படித் தெரிவிப்பது என்பதும் பேசிக்கொள்ள வேண்டியதுதான். மணி அடித்தால் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் மஞ்சள் அட்டையோடு நிற்பேன், அவருக்கு மட்டும் தெரியும்.

ஒலிச் சோதனைக்கு நேரம் கேட்டால் பல பேச்சாளர்கள் சிரிப்பார்கள். "நான் என்ன பாட்டா பாடப் போறேன்?" பாட்டுக்காவது பின்னணி இசை மறைத்துக்கொள்ளும், பேச்சுக்கு எதுவும் மறைவில்லை. தோட்டத்து மண்டபம் என்றால் சிமெண்டுத் தரை, துத்தநாகக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. ஆள் இல்லாதபோது குரல் முட்டிமோதி எதிரொலிக்கும். கூட்டம் நிறைந்ததும் உடம்புகள் ஒலியைக் குடித்துவிடும். அதனால் காலி மண்டபத்தில் எதிரொலிக்கிறதே என்று அதிகம் குறைத்துவைத்தால் இரவில் பின்வரிசைக்குக் கேட்காது. சவுண்ட் அண்ணன் இதை அறிந்தவராக இருந்தால் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் நிறுத்துவார்.

சோதனை என்றால் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" அல்ல. பேச்சாளர் தம் பேச்சின் முதல் ஒரு நிமிடத்தைத் தாம் மேடையில் பேசும் அதே வேகத்தில், அதே உரத்தோடு பேச வேண்டும். நான் கடைசி வரிசையில் போய் நிற்பேன். மென்மையாகத் தொடங்கி உச்சியில் முழங்குகிறவர் என்றால் அந்த உச்சியையும் ஒருமுறை கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அங்கேதான் மைக் கரகரக்கும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் ஊளையிடும். ஊளையிட்டதும் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். கழுத்துக்குக் கீழே பிடியுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள் என்று தனியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், மேடையில் சொன்னால் அவமானம். மேடையில் நடந்துகொண்டே பேசுகிறவரா என்றும் கேட்டுவிட வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் மைக்கோடு வந்து நின்றாலும் அதே ஊளைதான். எதுவரை நடக்கலாம் என்று தரையில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு போட்டுவிடுவேன்.

நேரம் எது? உறுமிக் குழு வந்துவிட்டால் மேடையும் மைக்கும் அவர்களுடையது. பூசை தொடங்கிவிட்டால் ஒலிச் சோதனைக்குப் பூசாரியிடம் திட்டு வாங்க வேண்டும். லாபு பக்கத் திருவிழாவில் எனக்குக் கிடைத்தது 6.15 முதல் 6.25 வரை பத்தே நிமிடம். சமையற்கட்டையும் அந்த நேரத்தில் ஓடவிடச் சொன்னேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு விழாவில் சோதனையெல்லாம் நன்றாக முடிந்து, பேச்சின் நடுவே அடுப்படியில் யாரோ மின்சாரத் தண்ணீர்க் கொதிகலனைப் போட, ஒரே கம்பியில் இருந்த மைக் பொட்டென்று நின்றது. அதிலிருந்து, இரவில் எதெல்லாம் எரியுமோ அதெல்லாம் எரியும்போதுதான் சோதனை.

8 மணிப் பேச்சுக்கு 6.15க்கே எதற்கு வரவேண்டும் என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயம்தான். அவர்களுக்கு இரண்டாவது வழி, மஃரிப் பாங்கு முடிந்து தேவாரம் தொடங்கும் முன் 7.35க்கு இரண்டே வாக்கியம். முழுமையானதல்ல, ஒன்றுமில்லாததற்கு மேல். துத்தநாகக் கூரையில் மழை கொட்டினால் மட்டும் எந்தச் சோதனையும் உதவாது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். நிறுத்திவிட்டு, தேநீர் கொடுத்து, மழை விட்டதும் தொடரலாம். அதையும் முன்கூட்டியே பேச்சாளரிடம் சொல்லிவைப்பேன்.

இப்போது என் செய்தி இப்படித்தான் போகும்: "ஐயா, வணக்கம். சனிக்கிழமை திருவிழா. இடம்: நெகிரி செம்பிலான், லாபு, தோட்டத்துப் பெயர், பிரிவு எண். மாலை 5.45க்குப் பெரிய ரோட்டுப் பெட்ரோல் ஸ்டேஷனில் சிவப்பு மோட்டார் சைக்கிளோடு நம் பையன் நிற்பான், எண் கீழே. தோட்டத்துக்குள் வழிகாட்டியைப் பார்க்க வேண்டாம். 7 மணிக்கு ரதம் புறப்பட்டால் லயத்து ரோடு அடைபடும், அதற்குள் உள்ளே வந்துவிடுவோம். 6.15க்கு ஒலிச் சோதனை. பிறகு என் வீட்டில் பசியாறிவிட்டு ஓய்வெடுக்கலாம். 7.55க்கு மேடை, பேச்சு மட்டும் 25 நிமிடம். கார் எண்ணையும், எந்த நெடுஞ்சாலை வாயிலில் இறங்குவீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்." கடைசிக் கேள்விதான் முக்கியம். சரி என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட முடியாதபடி ஒரு கேள்வி இருக்க வேண்டும். அதற்குப் பதில் எழுத அவர் வரைபடத்தைத் திறந்தே ஆகவேண்டும். ஒருவாரம் முன்பு இதை அனுப்புவேன். விழா நாளன்று மதியம், அவர் புறப்படும் முன், ஒரு போன்.

பகாவ் இரவுக்கு வருகிறேன். அவர் காரைத் திருப்பிக்கொண்டு, தங்காக்கில் இறங்கி, சிகாமட் வழியாக வந்து சேரும்போது மணி 8.45. பிள்ளைகள் நடனத்தையெல்லாம் முன்னால் தள்ளி, அதுவும் தீர்ந்து, அறிவிப்பாளர் பொங்கல் விடுகதை போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க அப்படியே மேடையேறி, ஜொகூர் வரைக்கும் போய் ஒரு தோட்டத்தைத் தேடியதையே கதையாகச் சொல்லிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். மைக் இரண்டு முறை ஊளையிட்டது. கூட்டம் சிரித்தது. நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மறு ஆண்டும் அவரையே அழைத்தார்கள். அன்று மதியம் நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். "அண்ணே, செனவாங்ல இறங்கி, மலையும் ஏறி இறங்கி, கோலப்பிலாவுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். மணி ரெண்டுதான் ஆவுது. உங்க பையன் எத்தனை மணிக்கு வருவான்?"

5.45க்கு என்றேன். பரவாயில்லை, இன்னொரு தே தாரேக் சொல்லியிருக்கிறேன் என்றார்.